மீட்டர் படத்தில் இருப்பதை அப்படியே எழுதுவது: ஒரு மாதம் 491.5, அடுத்த மாதம் 126.3 யூனிட். மீட்டர் கோளாறா?

கணக்குப்பிள்ளை
எல்லோருக்கும் வணக்கம். ஒரு அடுக்குமாடி வளாகத்தில் வீட்டுக்கு வீடு தனித்தனி துணை மீட்டர் இருக்கிறது. மாதக் கடைசியில் அவரவர் மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரு தம்பி அதைப் பார்த்து எக்செலில் ஏற்றுவார். அதை வைத்து நான் தொகை போடுகிறேன். ஒரு வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். அவருடைய வரிசை இது:

```
மாதம் 1   15372.4
மாதம் 2   15863.9   (491.5)
மாதம் 3   15990.2   (126.3)
```

அவர் வீட்டில் எப்போதும் 300 யூனிட்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். நடு மாதத்தில் மட்டும் மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போய்விட்டார். மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கூடவே இன்னொன்று. தம்பி முன்னால் வரும் பூச்சியத்தை விட்டுவிடுகிறார், சில வீடுகளுக்குப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை ரவுண்ட் செய்கிறார். இதெல்லாம் பெரிய விஷயமா, இல்லை நான்தான் அளவுக்கு மீறி அலட்டிக்கொள்கிறேனா?

மழைத்துளி
சார், எங்கள் வீட்டிலும் இதே கதைதான். திடீரென்று பில் எகிறியது. கடைசியில் பார்த்தால் பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிமிட்டினால் எங்கோ மின்கசிவு.

ஏழுகோடு
மழைத்துளி சொன்ன சோதனை நல்ல சோதனைதான், ஆனால் இந்த வரிசைக்கு அது வேண்டியதில்லை. கசிவு இருந்தால் அடுத்த மாதமும் அதிகமாகத்தான் வரும். இங்கே ஒரு மாதம் ஏறி, அடுத்த மாதம் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருக்கிறது.

இரண்டு மாதத்தையும் கூட்டுங்கள், 617.8 வருகிறது. பாதி 308.9. அதாவது அவர் வழக்கமாகச் செலவழிப்பது. முதல் ரீடிங்கும் மூன்றாவது ரீடிங்கும் சரி, நடுவில் இருப்பது மட்டும் சுமார் 180 கூடுதலாக இருக்கிறது என்றால் எல்லாம் பொருந்திவிடும். மீட்டர் வேகமாக ஓடிவிட்டு, பிறகு அதே அளவுக்கு மெதுவாக ஓடாது. நடு ரீடிங்கை எழுதியவர் கை தவறியிருக்கிறார்.

180 என்பது 90-இன் இரு மடங்கு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நூறு, பத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் வரும் பிழை எப்போதும் 90-இன் மடங்காகத்தான் இருக்கும். 15863-இல் நூறில் 8, பத்தில் 6. இரண்டுக்கும் வித்தியாசம் 2, இரண்டு தொண்ணூறு நூற்றெண்பது. படத்தில் 015683.9 என்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் இதைப் பார்த்துவிட்டுத் தாளில் திருத்திவிடாதீர்கள். முதலில் படத்தைத் திறந்து பாருங்கள்.

நேர்கோடு
கணக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது படத்தை ஏன் பார்க்க வேண்டும்? 015683.9 என்று போட்டால் 311.5, 306.3 என்று வருகிறது. அழகாகப் பொருந்துகிறதே.

ஏழுகோடு
அழகாகப் பொருந்தும் இன்னொரு எண்ணும் இருக்கிறது நண்பரே. படத்தில் 015663.9 என்று இருந்து, நூறு இடத்து 6-ஐ 8 என்று தப்பாகப் படித்திருந்தால்? அப்போது பிழை 200. செலவு 291.5, 326.3 என்று வரும். இதுவும் அந்த வீட்டுக்கு நம்பக்கூடிய செலவுதான். இலக்கம் இடம் மாறியதா, ஒரு இலக்கத்தைத் தவறாகப் படித்ததா என்று கழித்தல் கணக்கு சொல்லாது. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். எதை எழுதுவது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

எல்.சி.டி. திரையில் ஒவ்வொரு இலக்கமும் ஏழு குச்சிகளால் ஆனது. 6-க்கும் 8-க்கும் ஒரே ஒரு குச்சிதான் வித்தியாசம், வலது மேல்புறக் குச்சி. அது அணைந்திருந்தால் 6, எரிந்தால் 8. இடது கீழ்க்குச்சி இல்லையென்றால் 9. நடுக்குச்சி இல்லையென்றால் 0. படத்தைப் பெரிதாக்கி, அந்த இலக்கத்தை மொத்தமாகப் பார்க்காமல் அந்த ஒரு குச்சி இருக்கும் இடத்தை மட்டும் பாருங்கள். முழு இலக்கமாகப் பார்த்தால் கண் தனக்குத் தோன்றியதை நிரப்பிக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை
படத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். 015683.9 kWh. நூறு இடத்தில் வலது மேல்குச்சி சுத்தமாக இல்லை, ஆகவே 6. பத்தில் ஏழு குச்சியும் எரிகிறது, 8. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு மாதக் கூட்டுத்தொகை மாறவில்லை என்றாலும் அடுக்குக் கட்டணம் மாதத்துக்கு மாதம் தனித்தனி என்பதால் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கிறது. மிக்க நன்றி.

தம்பி அவசரத்தில் வேலை செய்பவர் இல்லை. எப்படி இடம் மாறுகிறது?

செவ்வந்தி
அவர் எண்ணைப் படிக்கும் விதத்தைக் கேட்டுப் பாருங்கள். நான் பில்களைத் தட்டச்சு செய்யும் வேலையில் இருப்பவள். பெரும்பாலானவர்கள் "பதினையாயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று" என்று ஒரு தொகையாக மனதில் எடுத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, பிறகு தட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் அறுநூற்று எண்பதும் எண்ணூற்று அறுபதும் கலந்துவிடுகின்றன. நாங்கள் தொகையாகப் படிக்கவே மாட்டோம். பூச்சியம், ஒன்று, ஐந்து, பிறகு ஆறு, எட்டு, மூன்று, புள்ளி, ஒன்பது. மூன்று மூன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவோம். சரிபார்க்கும்போது வலமிருந்து இடமாகப் படிப்போம். அப்படிப் படித்தால் அது ஒரு தொகையாகத் தோன்றாது, வெறும் இலக்கங்களாகத்தான் தெரியும்.

இன்னொன்று, போன மாத ரீடிங் பக்கத்துக் கட்டத்திலேயே தெரியும்படி வைத்திருக்கிறீர்களா? தட்டும் நேரத்தில் அதை மறைத்துவிடுங்கள். போன மாதம் 15372 என்று கண் முன்னால் இருந்தால், இந்த மாதம் எவ்வளவு இருக்கும் என்று மனம் முன்கூட்டியே ஒரு எண்ணைத் தயாராக வைத்திருக்கும். மங்கலான இலக்கத்தை அந்த எண்ணுக்கு ஏற்றபடி படித்துவிடுவோம்.

நேர்கோடு
முதல் கேள்வியின் இரண்டாம் பாகத்துக்கு யாரும் வரவில்லையே. ரவுண்ட் செய்வதில் ஒரு தவறும் இல்லை என்பது என் கருத்து. ரீடிங் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் எண். இந்த மாதம் 015683.9-ஐ 15684 என்று எழுதினால் 0.1 யூனிட் கூடுதல். அடுத்த மாதம் அதே 15684-இலிருந்துதான் கழிப்போம், அந்த 0.1 திரும்பி வந்துவிடும். பத்து ஆண்டு ஆனாலும் மொத்தப் பிழை ஒரு யூனிட்டைத் தாண்டாது.

ஏழுகோடு
ஒரே மீட்டரை, ஒரே ஆள், எப்போதும் ஒரே விதமாக, ரீடிங்கை மட்டும் ரவுண்ட் செய்தால் நீங்கள் சொல்வது முழுக்க சரி. நடைமுறையில் இந்த நான்கும் ஒன்றாக அமைவதில்லை.

ஒருவர் 015683.9-ஐ 15684 என்று எழுதுவார், இன்னொருவர் புள்ளிக்குப் பின்னால் வெட்டிவிட்டு 15683 என்பார். வேறொருவர் ரீடிங்கை விட்டுவிட்டு செலவை ரவுண்ட் செய்து, அதைப் பழைய ரீடிங்கோடு கூட்டி "இன்றைய ரீடிங்" என்று எழுதி வைப்பார். இந்த மூன்றாவது ஆள் செய்வது திரும்பி வராது, மாதத்துக்கு மாதம் சேர்ந்துகொண்டே போகும். தாளைப் பிறகு பார்ப்பவருக்கு யார் எதைச் செய்தார் என்று தெரியவே தெரியாது. 15684 என்று இருந்தால் அது மீட்டர் காட்டியதா, ஒருவர் ரவுண்ட் செய்ததா?

அடுத்து, பெருக்கெண் உள்ள மீட்டர். வளாகத்தின் பொது மீட்டர், மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் சி.டி. என்ற மின்மாற்றி வழியாக இணைக்கப்பட்டதாக இருக்கலாம். 200/5 சி.டி. என்றால் மீட்டர் காட்டுவதை 40-ஆல் பெருக்கினால்தான் உண்மையான யூனிட். அந்த மீட்டர் 2417.6 காட்டும்போது நீங்கள் 2418 என்று எழுதினால், அந்த 0.4 என்பது 16 யூனிட். துணை மீட்டர்களின் மொத்தத்தையும் பொது மீட்டரையும் ஒப்பிட்டு மின்னிழப்பு பார்ப்பவர்களுக்கு இந்த 16 எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில மீட்டர்கள் சி.டி. விகிதத்தை உள்ளே அமைத்து, பெருக்கிய எண்ணையே காட்டும். அதை மறுபடியும் 40-ஆல் பெருக்கினால் கதை முடிந்தது. ஆகவே படத்திலிருந்து எழுதும்போது பெருக்கவே கூடாது. திரையில் உள்ளதை ஒரு கட்டத்தில், பெருக்கெண்ணை இன்னொரு கட்டத்தில், பெருக்கிய விடையை மூன்றாவது கட்டத்தில் வையுங்கள். ரவுண்ட் செய்வது பில் போடும் இடத்தில், விதிப்படி, ஒரே ஒரு முறை நடக்கட்டும்.

நேர்கோடு
பெருக்கெண் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். வீட்டு மீட்டருக்கு இத்தனை கெடுபிடி தேவையா என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

புதியவன்
முன்னால் இருக்கும் பூச்சியத்தை விடுவதால் என்ன வந்துவிடப் போகிறது? 015683.9-உம் 15683.9-உம் ஒரே மதிப்புதானே?

செவ்வந்தி
மதிப்பு ஒன்றுதான் தம்பி. ஆனால் பூச்சியத்தோடு எழுதினால் அந்தத் திரையில் எத்தனை இடம் இருக்கிறது என்பது தாளிலேயே நின்றுவிடும். புள்ளிக்கு முன்னால் ஆறு இடம், பின்னால் ஒன்று. அடுத்த மாதம் யாராவது `01599.2` என்று எழுதியிருந்தால் ஒரு இலக்கம் விழுந்துவிட்டது என்று எண்ணாமலே கண்ணில் படும். புள்ளி மங்கிப்போய் `0159902` என்று எழுதியிருந்தாலும் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பூச்சியத்தை வெட்டிவிட்டால் இந்தச் சோதனை கிடையாது. மீட்டர் முழுச் சுற்று முடிந்து மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்போதும் மொத்த இடங்கள் தெரிந்தால்தான் செலவைக் கணக்கிட முடியும்.

தம்பியைக் குறை சொல்வதற்கு முன் எக்செலைப் பாருங்கள். அவர் பூச்சியத்தோடு தட்டியிருப்பார், எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு தானே வெட்டியிருக்கும். 4318.60 என்று தட்டினால் 4318.6 ஆக்கிவிடும். இதைவிட மோசமானது இணைப்பு எண். எக்செல் 15 இலக்கம் வரைக்கும்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூச்சியமாகிவிடும்:

```
தட்டியது    7412700385169273
சேமித்தது   7412700385169270
```

மீட்டர் எண்ணில் நடுவே E என்ற எழுத்து வந்தால் இன்னொரு கூத்து. `4512E06` என்று தட்டிப் பாருங்கள், `4.51E+09` என்று காட்டும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும், அல்லது எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். தட்டிய பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் போன இலக்கம் போனதுதான், திரும்பி வராது. கழிப்பதற்கு எண் வேண்டுமென்றால் பக்கத்து நெடுவரிசையில் `=VALUE(B2)` என்று போட்டுக்கொள்ளலாம்.

குழாயடி
நான் மின்சாரக்காரன் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் மீட்டர், சுழலும் சக்கர எண்கள். எல்.சி.டி. எல்லாம் கிடையாது. ஒரு சக்கரம் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றுவிட்டால் எதை எழுதுவது? ஒருவர் பெரிய எண்ணை எழுதச் சொல்கிறார், ஒருவர் எது அதிகம் தெரிகிறதோ அதை எழுதச் சொல்கிறார்.

ஏழுகோடு
பழைய மின் மீட்டரிலும் இதே சக்கரங்கள்தான். நடுவில் நின்றால் சிறிய எண். அந்த எண்ணை இன்னும் கடந்து முடிக்கவில்லை என்பதுதான் காரணம். 9-க்கும் 0-க்கும் நடுவில் நின்றால் மட்டும் 9, அங்கே 0 என்பது உண்மையில் பத்து.

சிக்கல் வருவது இரண்டு சக்கரங்கள் சேர்ந்து நகரும்போது. வலது ஓரச் சக்கரம் 9-லிருந்து 0-க்குப் போகும் அந்த நேரத்தில்தான் அதற்கு இடது பக்கச் சக்கரமும் நகரும். படத்தில் பத்து இடம் 4-க்கும் 5-க்கும் நடுவில், ஒன்று இடம் 9-க்கும் 0-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான விடை 49. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக, எது அதிகம் தெரிகிறதோ அதை எழுதினால் 59 என்று வந்துவிடும். பத்து யூனிட் காற்றில் முளைத்துவிட்டது. வலமிருந்து தொடங்குங்கள். வலது சக்கரம் 0-ஐ எட்டவில்லை என்றால் இடது சக்கரம் பெரிய எண்ணுக்குப் போயிருக்க முடியாது.

சிவப்பு நிறச் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிவப்பில் இருப்பது பின்னம். உங்கள் தண்ணீர் மீட்டரில் கறுப்பு கன மீட்டர், சிவப்பு அதன் பகுதிகள். நடுவில் புள்ளி அச்சிட்டிருக்க வேண்டும் என்று அவசியமில்லை, நிறமே புள்ளி. 0431 கறுப்பு, 76 சிவப்பு என்றால் 0431.76 என்று எழுத வேண்டும். 043176 என்று எழுதினால் நூறு மடங்கு. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்த படங்களில் இந்த நிறம் போய்விடும். அதனால்தான் அப்படி அனுப்பாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவேன்.

கணக்குப்பிள்ளை
இழை நன்றாகப் போகிறது, இன்னொரு வீட்டையும் கேட்டுவிடுகிறேன். இது இடம் மாறியதாகத் தெரியவில்லை, படத்தோடு ஒப்பிட்டேன், இலக்கம் எல்லாம் சரி.

```
மாதம் 1   008214.7
மாதம் 2   008961.3
மாதம் 3   008811.5
```

மூன்றாவது மாதம் மீட்டர் பின்னோக்கிப் போயிருக்கிறது!

மழைத்துளி
கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கிறார்களோ? வெளியே அனுப்பினால் மீட்டர் பின்னால் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஏழுகோடு
பழைய சக்கர மீட்டரில் அப்படி நடக்கலாம். எலெக்ட்ரானிக் மீட்டரில் வாங்கியதும் அனுப்பியதும் பொதுவாகத் தனித்தனிப் பதிவேட்டில் ஏறும், ஒன்றை ஒன்று குறைக்காது. கணக்குப்பிள்ளை, இரண்டாம் மாதப் படத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது? எண்ணை விட்டுவிட்டு ஓரத்தில் இருக்கும் சிறிய எழுத்தை மட்டும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
kVAh! மற்ற இரண்டிலும் kWh. இத்தனை நாள் அந்த எழுத்தை யாரும் பார்த்ததே இல்லை. தாளில் அலகுக்குக் கட்டமே கிடையாது, எல்லாம் யூனிட் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஏழுகோடு
அதுதான். இந்த மீட்டர்கள் சில நொடிக்கு ஒரு திரை என்று மாற்றிக்கொண்டே இருக்கும். தேதி, நேரம், kWh, kVAh, அதிகபட்ச தேவை, வோல்டேஜ் என்று சுற்றி வரும். படம் எடுப்பவர் பெரிய எண் ஒன்று தெரிந்ததும் தட்டிவிடுகிறார். நாம் யூனிட் என்று சொல்வது kWh மட்டும்தான், kVAh வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் வேறு அளவு. ஆனால் இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி, இலக்கமும் அதே எண்ணிக்கை. ஒரே மீட்டரில் மொத்த kVAh எப்போதும் மொத்த kWh-க்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். அதனால் ஒரு மாதம் தவறி kVAh வந்தால் செலவு குதித்து ஏறும், அடுத்த மாதம் சரியான kWh வரும்போது குறைவாகவோ, உங்களுக்கு வந்த மாதிரி எதிர்மறையாகவோ தெரியும்.

முதல் வீட்டைப் போலவே ஏறி இறங்கியிருக்கிறது பாருங்கள், ஆனால் காரணம் வேறு. அங்கே இலக்கம் தப்பு. இங்கே இலக்கம் அத்தனையும் சரி, எடுத்த திரை தப்பு. இரண்டாம் மாதத்துக்கு kWh படமே இல்லை, ஆகவே அந்த மாதத்துக்குக் கட்டம் காலிதான். kVAh-லிருந்து ஏதோ ஒரு விகிதம் போட்டு kWh கண்டுபிடிக்க வேண்டாம்.

சில மீட்டரில் அலகு எழுத்துக்குப் பதிலாக அல்லது அதோடு சேர்த்து ஒரு குறியீடு ஓரத்தில் வரும். `1.8.0` என்றால் வாங்கிய மொத்த kWh, `2.8.0` என்றால் வெளியே அனுப்பியது, `9.8.0` என்றால் மொத்த kVAh. `1.8.1`, `1.8.2` என்று வந்தால் அவை நேரத்துக்கு ஒரு கட்டணம் இருக்கும் இடங்களில் வரும் பகுதிகள், மொத்தம் இல்லை. குறியீடு தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள். பிறகு சண்டை வந்தால் அதுதான் சாட்சி.

செவ்வந்தி
அலகையும் திரையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். யூனிட் என்று மாற்றி எழுதினால் kVAh-ஐயும் kW-ஐயும் பிறகு பிரிக்கவே முடியாது. ஒருமுறை வந்த தாள் ஒன்றில் எல்லா வீட்டுக்கும் ரீடிங் 3200 என்று இருந்தது. மீட்டர் முகப்பில் அச்சிட்டிருக்கும் `3200 imp/kWh`, அதாவது ஒரு யூனிட்டுக்கு விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்ற எண். பக்கத்திலேயே kWh என்றும் இருக்கிறதே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பில்லைப் பார்த்து எழுதும்போதும் வரிசை மாறும். சில பில்லில் முதலில் இன்றைய ரீடிங், பிறகு முந்தையது. நாம் எப்போதும் முந்தையதை முதலில் எழுதிப் பழகியவர்கள், கை தன் போக்கில் போய்விடும். பில்லில் இருக்கும் தலைப்பையும் சேர்த்து, அதே வரிசையில் எழுதிவிட வேண்டும். ரீடிங்குக்குப் பக்கத்தில் E என்று ஒரு எழுத்து இருந்தால் அதை விடாதீர்கள். பல பில்களில் அது மதிப்பிட்ட ரீடிங் என்பதற்கான அடையாளம், மீட்டரைப் பார்த்து எடுத்தது இல்லை.

குழாயடி
எங்கள் மீட்டர் குழிக்குள் இருக்கிறது. கையை உள்ளே விட்டு எடுப்பதால் படம் பாதி நேரம் தலைகீழாகத்தான் வரும். கைபேசியில் திருப்பினால் போயிற்று, ஆனால் எந்தப் பக்கம் மேல் என்று எப்படித் தெரியும்?

ஏழுகோடு
சக்கர எண்களில் தெரிந்துவிடும், அச்செழுத்து. ஏழு குச்சித் திரையில்தான் ஆபத்து. 0, 1, 2, 5, 8 திருப்பினாலும் அதேதான். 6-உம் 9-உம் ஒன்றாக மாறிக்கொள்ளும். 61908 தலைகீழாக 80619 என்று ஒரு குறையும் இல்லாத எண்ணாகத் தெரியும். 3, 4, 7 ஏதாவது ஒன்று இருந்தால் தப்பித்தோம், திருப்பினால் அவை எண்ணாகவே இருக்காது. இல்லையென்றால் தசமப் புள்ளியைப் பாருங்கள். அது எப்போதும் இலக்கத்தின் அடிப்பாகத்தில் இருக்கும். மேலே தெரிந்தால் படம் தலைகீழ். மீட்டர் எண் அச்சிட்ட பகுதியும் சேர்ந்து வரும்படி எடுக்கச் சொல்வதுதான் நல்லது.

கணக்குப்பிள்ளை
தாளை இப்படி மாற்றலாம் என்று இருக்கிறேன். முதல் மூன்று கட்டமும் டெக்ஸ்ட், படத்தைப் பார்த்து மட்டும் நிரப்புவது. கணக்கு எல்லாம் வேறு தாளில்.

```
திரையில் | அலகு | தெரியாதது
015683.9 | kWh  | -
0156?3.9 | kWh  | பத்து இடம்: 6 அல்லது 8
```

வெளிச்சம் பட்டு ஒரு இலக்கம் மறைந்திருந்தால் கேள்விக்குறி. சரிதானே?

நேர்கோடு
இதில் நான் ஒத்துப்போகவில்லை. பத்து இடத்தில் 6-ஆ 8-ஆ என்றால் வித்தியாசம் 20 யூனிட். முந்தைய மாதங்களைப் பார்த்து எது நியாயமோ அதைப் போட்டுவிட்டு, மதிப்பீடு என்று குறித்துவிடலாமே. கேள்விக்குறியோடு யாருக்கும் பில் அனுப்ப முடியாது.

செவ்வந்தி
பில்லில் மதிப்பீடு போடுங்கள், படத்தைப் பார்த்து எழுதும் கட்டத்தில் வேண்டாம். அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி இருந்தால்தான் அடுத்த மாத ரீடிங் வந்ததும் திரும்பிப் பார்க்கத் தோன்றும். நீங்கள் நியாயமான எண்ணைப் போட்டுவிட்டால் அது எப்போதும் நியாயமாகவேதான் தெரியும்.

நேர்கோடு
சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் மென்பொருளில் ரீடிங் கட்டம் எண்ணைத் தவிர வேறு எதையும் ஏற்காது. கேள்விக்குறி போட்டால் சேமிக்கவே விடாது. அப்போது?

செவ்வந்தி
காலியாக விட முடியுமா என்று பாருங்கள். அதையும் ஏற்காவிட்டால் குறிப்புக் கட்டம் ஒன்று இருக்கும், அதில் எழுதலாம். என்னிடமும் இதற்குச் சுத்தமான வழி இல்லை. சிலர் தெரியாத இலக்கத்துக்கு 0 போடுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். பிறகு உண்மையான பூச்சியத்தோடு கலந்துவிடும்.

புதியவன்
மறுபடியும் ஒரு படம் அனுப்பச் சொன்னால் முடிந்துவிடாதா?

ஏழுகோடு
அன்றைக்கே கேட்டால் முடிந்துவிடும். நான்கு நாள் கழித்து வரும் படம் நான்கு நாள் கழித்த ரீடிங். அதை அதன் தேதியோடு தனி வரியில் எழுதலாம், பழைய படத்தின் கேள்விக்குறியை அதைக்கொண்டு அழிக்கக் கூடாது. ஆனால் ஒரு உதவி உண்டு. பத்து இடம் 6-ஆ 8-ஆ என்று இருக்கும்போது, நான்கு நாள் கழித்து 015671.2 என்று வந்தால் 8 இருந்திருக்கவே முடியாது, மீட்டர் பின்னால் போகாது. அப்போது 6 என்று உறுதி. 015721.2 என்று வந்தால் இரண்டும் சாத்தியம், கேள்விக்குறி அப்படியேதான் இருக்கும்.

குழாயடி
தேதி என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வளாகத்து மின் மீட்டர் திரையில் தேதி `03-04-25` என்று வருகிறது. மூன்றாம் தேதி நான்காம் மாதமா, நான்காம் தேதி மூன்றாம் மாதமா? எப்படித் தாளில் எழுதுவது?

செவ்வந்தி
`03-04-25` என்றுதான், மாற்றாமல். டெக்ஸ்ட் கட்டத்தில். எக்செலிடம் தேதியாக விட்டால் அது தன் விருப்பப்படி திருப்பிக்கொள்ளும். 12-க்கு மேற்பட்ட நாளில் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் எந்த வரிசை என்று தெரிந்துவிடும்.

குழாயடி
எங்கள் ஆட்கள் எப்போதும் மாதத்தின் முதல் வாரத்தில்தான் எடுக்கிறார்கள். பழைய படங்களைத் தேடிப் பார்க்கிறேன்.